கார் சீட்டில் கொட்டிய பால், எடுத்த வாந்தி: வாடையை முழுசாகப் போக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாம்பு போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவியாச்சு. கறையே இல்லை. ஆனா வெயில்ல நிறுத்தினா மறுபடியும் அதே நாத்தம் வருது. ஏன்?

கறை இருந்தது துணியில், நாற்றம் இருப்பது அதற்குக் கீழே. அரை லிட்டர் பால் சீட்டில் கொட்டினால் துணியில் நிற்பது கொஞ்சம்தான். மீதி தையல் ஓட்டைகள் வழியாகவும், உட்காரும் பகுதிக்கும் சாயும் பகுதிக்கும் இடையில் உள்ள இடுக்கு வழியாகவும் உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சுக்குப் போய்விடும். சில சமயம் ஸ்பாஞ்சையும் தாண்டித் தரை கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். ஷாம்பும் பிரஷும் மேல் துணியைத்தான் தொடுகின்றன.

உள்ளே போன பாலில் முதலில் சர்க்கரை புளிக்கிறது. அந்தப் புளிப்பில் பால் திரிந்து, புரதம் கட்டியாகி ஸ்பாஞ்சின் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு கொழுப்பு சிதைந்து பியூட்ரிக் அமிலம் வெளிவருகிறது. வாந்தியின் குமட்டும் வாடைக்கும் முக்கியக் காரணம் இதே அமிலம்தான். அதனால்தான் பழைய பால் வாடையும் வாந்தி வாடையும் ஒன்றுபோலவே தோன்றும். மிகக் கொஞ்சமாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். வெப்பம் ஏற ஏற அதிகமாக ஆவியாகும். காரை மூடி வெயிலில் நிறுத்தும்போது நாற்றம் திரும்புவது இதனால்தான். அது புதிதாக வந்த நாற்றம் இல்லை, போகாமல் இருந்த மிச்சம்.

ஆகவே பால் எந்த வழியாக எவ்வளவு ஆழம் போனதோ, சுத்தம் செய்யும் திரவமும் அதே வழியாக அதே ஆழம் போக வேண்டும். அதைவிட முக்கியம், போனது திரும்ப வெளியே வர வேண்டும். கீழே சொல்வது எல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்தான்.

பின் சீட்ல அரை லிட்டர் பால் கொட்டி மூணு நாள் ஆச்சு. துடைச்சதோட சரி. இப்போ முதல்லேர்ந்து என்ன செய்யணும்?

முதலில் பால் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். தரை மேட்டை எடுத்துவிட்டு கார்பெட்டைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பல கார்களில் பின் சீட்டின் உட்காரும் பகுதி முன் விளிம்பில் இரண்டு கிளிப்புகளில்தான் மாட்டியிருக்கும். மேல்நோக்கி இழுத்தால் கழன்று வரும். உங்கள் கார் எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட் பக்கிள்கள் அதன் வழியாக வரும் என்பதால் அவற்றை ஓட்டை வழியாக நழுவ விட்டு எடுக்க வேண்டும். சீட்டைத் திருப்பி அடிப்பக்க ஸ்பாஞ்சை மோந்து பாருங்கள். அங்கே ஈரமோ, மஞ்சள் வளையமோ, வீச்சமோ இருந்தால் பால் ஸ்பாஞ்சை ஊடுருவிவிட்டது என்று அர்த்தம். சீட் இருந்த இடத்தில் தெரியும் இரும்புத் தகட்டிலும் திரிந்த பால் காய்ந்து படிந்திருக்கும். அது துடைத்தாலே போய்விடும், ஆனால் பலர் அங்கே பார்ப்பதே இல்லை.

அடுத்தது வெறும் தண்ணீர். சோப்பு வேண்டாம், சூடும் வேண்டாம். சூட்டில் புரதம் இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தொட்டால் சூடு தெரியாத தண்ணீர் போதும். கொட்டிய இடத்திலும் அதைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கும் அரை லிட்டர் ஊற்றி, ஸ்பாஞ்சைக் கையால் நாலைந்து முறை அழுத்தி விட்டு, ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். வேக்குவம் தொட்டியில் வரும் தண்ணீரைப் பாருங்கள். முதல் சுற்றில் அது கழுநீர்போல வெளுத்துக் கலங்கியிருக்கும், சில சமயம் திரிந்த பாலின் சின்னச் சின்னத் துணுக்குகளும் மிதக்கும். கலங்கல் தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். மிகவும் அலுப்பான கட்டம் இதுதான். ஆனால் இங்கே வெளியே எடுக்கிற அளவுக்குப் பின்னால் வேலை குறையும்.

ஈரம் உறிஞ்சும் வேக்குவம் இல்லாவிட்டால் வாடகைக்கு எடுப்பது நல்லது. அதுவும் முடியாவிட்டால், காய்ந்த கனமான டவலை மடித்து வைத்து முழங்காலால் முழு எடையோடு அழுத்துங்கள். டவல் நனையாமல் வரும்வரை டவலை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

அப்புறம் என்சைம் கிளீனர். செல்லப் பிராணிகள் செய்த அசுத்தத்துக்கென்று விற்பவை பலவும் இதற்கு உதவும். புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், கொழுப்பை உடைக்கும் லைபேஸ் இரண்டும் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். கொட்டிய பால் அரை லிட்டர் என்றால் கிளீனரும் குறைந்தது அரை லிட்டர் வேண்டும். பால் பரவியிருக்கும் என்பதால் முக்கால் லிட்டர் இருந்தால் நிம்மதி. ஸ்பிரே மூடியைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள். பால் இறங்கிய அதே தையல், அதே இடுக்கு வழியாக மெதுவாக ஊற்ற வேண்டும். சீட்டைக் கழற்றியிருந்தால் அடிப்பக்கத்திலிருந்தும் கொஞ்சம் ஊற்றலாம். ஊற்றிய பிறகு ஸ்பாஞ்சை அழுத்தி விட்டு, மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, காய விடாமல் ஒரு ராத்திரி முழுக்க நிழலில் வையுங்கள். லேபிளில் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

காலையில் ஷீட்டை எடுத்ததும் நாற்றம் முன்னைவிடத் தூக்கலாக அடிக்கலாம். பயப்பட வேண்டாம். ஒட்டிக் கிடந்தது உடைந்து கரைந்திருப்பதன் அடையாளம் அது. இப்போது உறிஞ்சி எடுத்து, அரை லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றி மறுபடி உறிஞ்சுங்கள். பிறகு ஸ்பாஞ்சைச் சாய்த்து நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்று படும்படி மின்விசிறி முன் வையுங்கள். மேல் துணி காய்ந்துவிட்டது என்று உடனே மாட்டிவிடக் கூடாது. டிஷ்யூ பேப்பரை வைத்து உள்ளங்கையால் அழுத்தி அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். அது துளிகூட ஈரமாகாவிட்டால்தான் உள்ளே காய்ந்திருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் அது தனி நாற்றம்.

மூன்று நாள் பழசு என்பதால் ஒரே சுற்றில் முழுசாகப் போகாமல் இருக்கலாம். பாதி குறைந்திருந்தால் வழி சரி, என்சைம் கட்டத்தை இன்னொரு முறை செய்யுங்கள். கொஞ்சமும் குறையவில்லை என்றால் நீங்கள் கழுவிய இடம் வேறு, பால் இருக்கும் இடம் வேறு.

எங்கிருந்து வாடை வருதுன்னே தெரியல. கார் முழுக்க அடிக்குது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காருக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டால் மூக்கு பழகிவிடும், அதன் பிறகு மோந்து பார்ப்பதில் பயனில்லை. நான் நம்புவது கண்ணாடி டம்ளரை. அகலமான டம்ளர்கள் நாலைந்தை எடுத்து, சீட்டின் நடுவில் ஒன்று, இடுக்கு ஓரத்தில் ஒன்று, கால் வைக்கும் கார்பெட்டில் ஒன்று, முன் சீட்டுக்கு அடியில் ஒன்று, டிக்கியில் ஒன்று என்று கவிழ்த்து வையுங்கள். காரை மூடி வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு டம்ளராக எடுத்துக் காருக்கு வெளியே போய் மோந்து பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் சுத்தமான காற்றை நன்றாக இழுத்துவிட்டு. எந்த டம்ளரில் வீச்சம் அடைபட்டிருக்கிறதோ அந்த இடம்தான் குற்றவாளி.

ராத்திரியில் அல்ட்ரா வயலட் டார்ச் அடித்துப் பார்ப்பதும் உதவும். காய்ந்த பால் அந்த ஒளியில் வெளிறி மின்னும். வழிந்த தடம் சீட்டின் பக்கவாட்டில் இறங்கியிருப்பது பகலில் கண்ணுக்குத் தெரியாது, இதில் தெரியும். ஆனால் சோப்புத் தூள் மிச்சமும் இதேபோல் மின்னும் என்பதால், மின்னுவதெல்லாம் பால் என்று எடுத்துக்கொள்ளாமல் மூக்கையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்சைம் கிளீனர் வாங்கி ரெண்டு தடவை அடிச்சாச்சு. ஒரு மாற்றமும் இல்லையே?

"அடிச்சாச்சு" என்பதில்தான் பெரும்பாலும் பிரச்சினை. ஸ்பிரே அடித்தால் மேல் துணி மட்டும் நனையும், பத்து நிமிடத்தில் காய்ந்தும் விடும். என்சைம் ஈரத்தில்தான் வேலை செய்யும். காய்ந்த நொடியில் வேலை நின்றுவிடும்.

இன்னொரு காரணம், அதற்கு முன்னால் என்ன போட்டீர்கள் என்பது. கிருமிநாசினி, பிளீச், கடுமையான ஷாம்பு இவற்றின் மிச்சம் ஸ்பாஞ்சில் இருந்தால் என்சைம் செயலிழந்துவிடும். முன்பு ஏதாவது போட்டிருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி உறிஞ்சி, நுரை வராமல் ஆன பிறகு என்சைமை ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கலப்பதும் அதைக் கெடுத்துவிடும். கொளுத்தும் வெயிலில் மூடிய காருக்குள் விடுவதும் சரியில்லை, அந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துபோகும். ரொம்பக் குளிராக இருந்தால் வேலை மந்தமாகும், அப்போது கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

வினிகர் நல்லதா, சமையல் சோடா நல்லதா?

பாலுக்கும் வாந்திக்கும் வினிகர் வேண்டாம் என்பதே என் பதில். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியும் இல்லையா, புதிதாகக் கொட்டிய பாலில் வினிகர் ஊற்றினால் ஸ்பாஞ்சுக்குள்ளேயே அதுதான் நடக்கும். தண்ணீரில் கழுவிப் போயிருக்க வேண்டிய புரதம் கட்டியாகி உள்ளே தங்கிவிடும். தவிர, நாற்றத்தின் மூலமே அமிலம். அமிலத்தின் மேல் இன்னோர் அமிலத்தை ஊற்றினால் அது அடங்காது.

சமையல் சோடா காரம். பியூட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும், அதனால் வாடை நிஜமாகவே அடங்கும். ஆனால் தூளாகத் தூவினால் மேல் துணியில் கிடக்கும், ஆழத்தில் இருப்பதைத் தொடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, தெளிந்த பிறகு ஊற்றி, கால் மணி நேரம் விட்டு உறிஞ்சுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசி உறிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடும். இதை என்சைம் வேலையெல்லாம் முடிந்த பிறகு, கடைசி மிச்ச வாடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே போட்டால் வாடை அடங்கும், புரதமும் கொழுப்பும் உள்ளேயே இருக்கும். அவை சிதையச் சிதையப் புதிதாக அமிலம் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டையும் சேர்த்து ஊற்றினால் பொங்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று தீர்த்துவிட்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர்தான்.

குழந்தை இப்பத்தான் வாந்தி எடுத்துச்சு. இதே முறைதானா?

முறை இதேதான், தொடக்கம் மட்டும் வேறு. கையுறை போட்டுக்கொண்டு, கெட்டியானதைப் பழைய அட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் உள்ளே இறங்கும். அப்புறம் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி உறிஞ்சும் கட்டத்துக்கு வாருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இதைச் செய்துவிட்டால் பெரும்பாலும் ஒரே சுற்று என்சைமோடு முடிந்துவிடும்.

பிளீச் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றாதீர்கள். வாந்தியில் வயிற்று அமிலம் இருக்கிறது. பிளீச் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய காருக்குள் அது ஆபத்து. சீட்டின் நிறமும் போய்விடும்.

வயிற்றுப்போக்கோடு வந்த தொற்று வாந்தி என்றால் என்சைம் வாடையைத்தான் போக்கும், கிருமியைக் கொல்லாது. வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் போன்றவை ஆல்கஹால் சானிடைசருக்கும் அவ்வளவாக அசையாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துணி சீட்டுக்கு நீராவி நல்ல வழி. 70 டிகிரி வெப்பம் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், சும்மா மேலே ஓட்டிக்கொண்டு போனால் அந்தச் சூடு ஏறாது. புரதம் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் நீராவி.

சீட் பெல்ட்லயும் குழந்தை சீட்லயும் பட்டுடுச்சு. கழட்டித் துவைக்கலாமா?

எல்லாம் கழுவியும் வாடை போகாத கார்களில் நான் முதலில் பார்ப்பது சீட் பெல்டைத்தான். நனைந்த பெல்ட் சுருண்டு உள்ளே போய் அங்கேயே புளித்துக் கிடக்கும். பெல்டை முழுசாக வெளியே இழுத்து, திரும்பப் போகாதபடி மேலே ஒரு கிளிப் போட்டுப் பிடித்துவையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பைக் கலந்து, துணியால் நெசவு வாக்கில் இரண்டு பக்கமும் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பிளீச்சும் வீரியமான ரசாயனமும் பெல்ட் இழையைப் பலவீனமாக்கும்.

குழந்தை சீட்டின் துணி உறையைக் கையேடு சொன்னபடி துவைக்கலாம். ஆனால் வார்களை ஊறவைக்கவோ மெஷினில் போடவோ என்சைம் ஊற்றவோ வேண்டாம், மிதமான சோப்புத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். பக்கிளுக்குள் பாலோ வாந்தியோ போயிருந்தால் "கிளிக்" சத்தம் மந்தமாகக் கேட்கும் அல்லது பூட்டே பிடிக்காது. கையேடு அனுமதித்தால் பக்கிளை வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி ஆட்டி எடுக்கலாம். எண்ணெய் விடக் கூடாது. அதன் பிறகும் சரியாகப் பூட்டாவிட்டால் மாற்றிவிட வேண்டும், இதில் சமரசம் கிடையாது.

முன் சீட்டையும் கழட்டிச் செய்யலாமா?

நீங்களே செய்வதற்கு நான் சொல்ல மாட்டேன். முன் சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயர்கள் இருக்கும், அவற்றின் கனெக்டர் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். பல கார்களில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் சென்சாரும், சீட்டைச் சூடாக்கும் கம்பிகளும் ஸ்பாஞ்சுக்குள்ளேயே உண்டு. கழற்றாமல், ஒரு தடவைக்கு ஒரு கப் மட்டும் ஊற்றி உடனே உறிஞ்சி, அதையே பல சுற்று செய்யுங்கள். ஹைப்ரிட் கார் என்றால் பின் சீட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சில கார்களில் பேட்டரிக்கான காற்று வழி அந்தப் பக்கம்தான் திறந்திருக்கும்.

லெதர் சீட்?

முழு லெதரில் திரவம் உள்ளே போகாது, தையல் வழியாக மட்டும் போகும். தையல் ஓரத்தில் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, என்சைமைத் துணியில் நனைத்துத் தையலில் வைத்து அழுத்துங்கள். முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் லெதர் என்றால் துணி சீட்டைப் போலவே உறிஞ்சியிருக்கும், ஆனால் ஊற்றவும் முடியாது. அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து உறையைக் கழற்றிச் செய்வதுதான் வழி.

ஓசோன் மெஷின் வச்சா ஒரே நாள்ல போயிடும்னு சொல்றாங்களே?

ஓசோன் காற்றில் இருக்கும் வாடையையும் மேற்பரப்பில் இருப்பதையும் எரிக்கும். ஸ்பாஞ்சுக்குள் கட்டியாக இருக்கும் பாலை அது தொடாது. ஆகவே மூலத்தை எடுத்த பிறகு, கூரைத் துணியில் ஒட்டிய லேசான வாடைக்குச் சரி. எடுக்காமல் வைத்தால் சில நாளில் பழைய நிலைமை. நுரையீரலுக்குக் கெடுதி என்பதால் மெஷின் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, முடிந்ததும் கதவுகளை நன்றாகத் திறந்துவிட வேண்டும். வாசனை பாட்டில் தொங்கவிடுவது இதைவிட மோசம், மிச்சம் இருக்கிறதா என்று மோந்து பார்க்கவே முடியாமல் செய்துவிடும்.

முழுசாப் போயிடுச்சான்னு எப்படி உறுதி செய்யறது? போகவே இல்லைன்னா?

எல்லாம் காய்ந்த பிறகு காரை மூடி, ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்துங்கள். சாயங்காலம், கொஞ்ச நேரம் வெளிக் காற்றில் நின்றவர் ஒருவர், முடிந்தால் இத்தனை நாள் அந்தக் காரில் ஏறாதவர், கதவைத் திறந்ததும் முதல் மூச்சிலேயே சொல்லட்டும். ஈரமான நாளில் இன்னொரு முறை பாருங்கள். இரண்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால் போய்விட்டது. ஏசி போட்டால் மட்டும் வாடை வருகிறது என்றால் கேபின் ஃபில்டரை மாற்றுங்கள்.

மூன்று முழுச் சுற்று செய்தும் குறையவில்லை என்றால் பெரும்பாலும் மிச்சம் இருப்பது கார்பெட்டுக்கு அடியில் உள்ள தடித்த மெத்தையில்தான். கதவு ஓர பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி கார்பெட்டின் மூலையைத் தூக்கி, அடி மெத்தையைக் கிள்ளி மோந்து பாருங்கள். அங்கே திரிந்த பால் இறங்கியிருந்தால் கழுவிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, கீழே உள்ள தகட்டைத் துடைத்துக் காயவைத்து, அதே தடிமனில் புதுத் துண்டைப் போட்டு மூடிவிடலாம். பின் சீட் ஸ்பாஞ்சும் அப்படித்தான். உறையைக் கழற்றி ஸ்பாஞ்சை மட்டும் மாற்றித் தரும் சீட் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், முழு சீட்டையும் மாற்ற வேண்டியதில்லை.